இன்க்ளைன் நடை, இடைவெளி வேக நடை: கேள்வி பதில்

12-3-30 ட்ரெட்மில் நடையைப் பார்த்து ஆரம்பிச்சேன். இன்க்ளைன் 12, வேகம் 3, அரை மணி நேரம். பெருசா மூச்சே வாங்கலையே, ஏன்?

உங்கள் ட்ரெட்மில் கிலோமீட்டரில் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். அந்த 3 மைல் கணக்கு. நம் ஊர் மெஷின்களில் அது 4.8 கி.மீ. 70 கிலோ எடையுள்ளவருக்கு 12% ஏற்றத்தில் 4.8 கி.மீ. வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால் சுமார் 290 கலோரி செலவாகும். மணிக்கு 8 கி.மீ. மெதுவோட்டமும் ஏறக்குறைய அதே அளவுதான். வேகத்தை 3 கி.மீ. என்று வைத்தால் அது சுமார் 190 ஆகிவிடும்.

ஆனால் நாளைக்கே 12% ஏற்றத்தில் 4.8-க்குத் தாவ வேண்டாம். அந்த வேகத்தை 4% ஏற்றத்தில் தொடங்குங்கள். அரை மணி நேரமும் ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிந்தால் அடுத்த வாரம் 1% கூட்டுங்கள்.

வீட்டு மெஷின்ல கையால மாத்தற மூணு படி இன்க்ளைன்தான். மேல் படியில 5 டிகிரின்னு போட்டிருக்கு. அப்போ 5% தானே?

இல்லை. 5 டிகிரி என்பது கிட்டத்தட்ட 9%. மெஷின் உண்மையில் அந்த அளவு ஏறுகிறதா என்று நீங்களே அளந்துவிடலாம். பெல்ட்டின் பக்கத்தில் 100 செ.மீ. இடைவெளியில் இரண்டு குறி வையுங்கள். இரண்டு இடத்திலும் தரையிலிருந்து உயரம் எவ்வளவு என்று டேப்பால் பாருங்கள். வித்தியாசம் 9 செ.மீ. என்றால் 9%. படியை மாற்றும்போது மெஷினை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றுங்கள்.

15%ல அரை மணி நேரம் போறேன், ஆனா முன்னாடி கம்பியைப் பிடிச்சுக்கணும். டிஸ்பிளே 400 கலோரி காட்டுது. சரிதானே?

அந்த எண்ணை நம்பாதீர்கள். நீங்கள் கம்பியைப் பிடித்திருப்பது மெஷினுக்குத் தெரியாது. வேகத்தையும் ஏற்றத்தையும் வைத்துத்தான் அது கணக்குப் போடுகிறது. கையை நீட்டிப் பிடித்துப் பின்னால் சாயும்போது உடம்பு பெல்ட்டுக்குச் செங்குத்தாகிவிடும். மேட்டில் தூக்க வேண்டிய எடையில் ஒரு பங்கைக் கை சுமக்கிறது, தொடையும் பிட்டமும் தப்பித்துக்கொள்கின்றன. முழங்கை நேராக விறைத்து, குதிகாலில் பாரம் விழுந்தால் இதுதான் நடக்கிறது.

கையை விட்டு நடக்க முடிகிற அளவுக்கு ஏற்றத்தை இறக்குங்கள், 7 ஆனாலும் பரவாயில்லை. கணுக்காலிலிருந்து லேசாக முன்சாய்ந்து, அடியைச் சின்னதாக வையுங்கள். தடுமாற்றம் இருந்தால் விரல் நுனியால் தொட்டுக்கொள்ளலாம்.

ட்ரெட்மில்ல 1% வெச்சாதான் வெளியில நடக்கறதுக்குச் சமம்னு சொல்வாங்க. அதுவே போதாதா?

பாதி சரி. அது ஓடுபவர்களுக்கான கணக்கு, காற்றின் எதிர்ப்பை ஈடுகட்டுவதற்காகச் சொன்னது. நடை வேகத்தில் காற்று ஒரு பொருட்டே இல்லை. 1% வைத்தால் கிட்டத்தட்ட சமதரை நடைதான்.

ரெண்டு வாரமா காலையில எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் பின்பக்கம் சுரீர்னு இழுக்குது. பழகினா போயிடுமா?

ஆடுதசையின் நடுவில் வலித்து இரண்டு மூன்று நாளில் அடங்கினால் அது பழக்கமில்லாத வலி. நீங்கள் சொல்வது குதிகால் தசைநாண் எலும்பில் சேரும் இடம். மேட்டில் ஒவ்வோர் அடிக்கும் குதிகால் தாழ்ந்து அந்த இடம் இழுபடுகிறது. காலை இழுப்பு போகும் வரை சமதரையில் நடங்கள், திரும்ப வரும்போது 3 சதவீதத்தில் தொடங்குங்கள். அதற்கும் வலித்தால் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். சிலருக்கு 12% கடைசி வரை ஒத்துக்கொள்வதில்லை. யாருக்கு ஒத்துவரும் என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லை.

அம்மாவுக்கு 62 வயசு, தெருவுலதான் நடப்பாங்க. மேடே இல்லாத ஊர்ல என்ன செய்ய?

ஜப்பானின் ஷின்ஷு பல்கலைக்கழகத்தார் நடுத்தர வயதினரிடமும் முதியவர்களிடமும் சோதித்து 2007-ல் வெளியிட்ட முறை இவருக்குச் சரியாக இருக்கும்: 3 நிமிடம் வேகம், 3 நிமிடம் மெதுவாக, 5 சுற்று, வாரம் 4 நாள். ஐந்து மாதத்தில் தொடை வலுவும் மூச்சுத் திறனும் கூடின, ரத்த அழுத்தமும் இறங்கியது.

வேகம் என்பது "ம்", "சரி" என்று இரண்டு சொல்லுக்கு மேல் பேசத் தோன்றாத அளவு. பெரும்பாலோர் முதல் நிமிடத்தில் பறந்துவிட்டு இரண்டாவதில் தளர்ந்துபோகிறார்கள். 15 விநாடிக்கு எத்தனை அடி என்று முதல் நிமிடத்திலும் மூன்றாவதிலும் எண்ணிப் பாருங்கள். 31 வைத்தவர் 26-க்கு இறங்கினால் தொடக்க வேகம் அதிகம், 29-ல் தொடங்கட்டும். மெதுவான 3 நிமிடம் நிஜமாகவே மெதுவாக இருக்கட்டும். அதைச் சுருக்கினால் அடுத்த வேகச் சுற்று கெடும்.

நான் பிபிக்கு மெட்டோப்ரோலால் போடறேன். வாட்ச்ல 110 தாண்டவே மாட்டேங்குது. 130 வர்ற வரைக்கும் இன்க்ளைனை ஏத்தட்டுமா?

கூடாது. இதயத் துடிப்பு ஏறாமல் தடுப்பது அந்த மாத்திரையின் வேலை. 130-ஐத் துரத்தினால் எல்லை மீறிப் போவீர்கள். வாட்ச்சை விட்டுவிட்டுப் பேச்சை வைத்தே அளவு பாருங்கள். ஏற்றத்தைக் கூட்டும் முன், எந்தத் துடிப்பு வரை போகலாம் என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். டிரெட்மில் ஈசிஜி எடுக்கச் சொன்னால் மாத்திரையோடு எடுப்பதா, நிறுத்திவிட்டு எடுப்பதா என்பதையும் அவரே சொல்லட்டும்.