மாமியாரை ஏன் விட்டீர்கள்?

கேள்வி: எலக்ட்ரீஷியனாக இருந்த என் கணவர் (38) போன வருடம் லாரி மோதி இறந்துவிட்டார். இரண்டு குழந்தைகள். நஷ்ட ஈடு கேட்டு மனு போட்டிருக்கிறோம். இன்சூரன்ஸ் கம்பெனி 30,94,000 ரூபாய் தருவதாகக் கணக்குப் போட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறது. மாமியார் கொழுந்தனார் வீட்டில் இருக்கிறார். என் கணவர் அவருக்கு மாதம் 4,000 அனுப்புவார். அவரை எதற்கு இழுக்க வேண்டும் என்று மனுவில் சேர்க்கவில்லை. கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். அந்தக் கடிதத்தின் இரண்டாவது பக்கத்தைத் திரும்ப எடுத்துப் படியுங்கள். "சமர்ப்பிக்கப்பட்ட ஆவணங்களின்படி சார்ந்தோர் மூவர் எனக் கொண்டு, இறந்தவரின் சொந்தச் செலவுக்காக மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்பட்டுள்ளது" என்று இருக்கிறது. மூவர் என்று சொன்னது கம்பெனி இல்லை, நீங்கள். மகனைப் பறிகொடுத்த தாயை மனுவிலிருந்து விட்டுவிட்டு, அதை ஒரு வரியில் எனக்கு எழுதியும் விட்டுப் போகிறீர்கள். உங்கள் கணவர் மாதாமாதம் அனுப்பிய 4,000 ரூபாய் யாரும் கேட்டு வாங்கிய கடன் இல்லை, அது அவருடைய கடமை. அவர் போனதும் அது நின்றுபோனதே, அந்த இழப்புக்குத்தானே நஷ்ட ஈடு?

இப்போது கணக்கைப் பாருங்கள். மாத வருமானம் 18,000 என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சொந்தத் தொழில் செய்து 40 வயதுக்குள் இறந்தவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் கூட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது, அதையும் கூட்டியிருக்கிறார்கள், ஆக மாதம் 25,200, வருடத்துக்கு 3,02,400. 38 வயதில் இறந்தவரின் வருட வருமானத்தைப் பெருக்கும் எண் 15, அதுவும் சரி. இடையில் ஒரே ஒரு படிதான் இருக்கிறது. குடும்பத்தில் அவரை நம்பி இருந்தவர்கள் இரண்டு மூன்று பேர் என்றால் மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள், நான்கிலிருந்து ஆறு பேர் என்றால் கால் பங்குதான். மூன்றில் ஒன்று கழித்து 15-ஆல் பெருக்கினால் 30,24,000. உங்கள் மாமியாரைச் சேர்த்து, கால் பங்கு மட்டும் கழித்தால் 34,02,000. அவரை விட்டதில் குடும்பம் இழந்தது 3,78,000 ரூபாய்.

மீதி 70,000-ல் உங்களுக்குத் துணை இழப்பு 40,000, ஈமச்சடங்குக்கும் சொத்து இழப்புக்கும் 15,000 வீதம் வைத்திருக்கிறார்கள். இவை 2017-ல் சொன்ன தொகைகள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை 10 சதவீதம் கூட்டச் சொல்லியிருந்தும் கூட்டவில்லை. தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கும் மகனை இழந்த தாய்க்கும் அந்த 40,000 போலத் தனித்தனியாக உண்டு, அதுவும் கடிதத்தில் இல்லை.

கூடுகிற பணம் முழுக்க உங்கள் கைக்கு வராது. யாருக்கு எவ்வளவு என்று தீர்ப்பாயம்தான் பிரிக்கும், பிள்ளைகள் பங்கை 18 வயது வரை வங்கியில் போட்டுவைக்கும், மாமியாருக்கு ஒரு பங்கு போகும். உங்கள் பங்கு இப்போது நினைப்பதைவிடக் கொஞ்சம் குறையக்கூட செய்யலாம். குறைந்தால் குறையட்டும், அது அவருக்குச் சேர வேண்டியது. கொழுந்தனார் பார்த்துக்கொள்வார் என்று நீங்கள் எப்படி முடிவு செய்யலாம்? அப்புறம், தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழில் மாமியார் பெயர் இருக்கும். அவர் இல்லாமல் சமரசம் எழுதினால் நாளைக்கு அவரோ கொழுந்தனாரோ தகராறு செய்ய முடியும், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

கோபத்தில் கடிதத்தைக் கிழித்துவிடவும் வேண்டாம். எலக்ட்ரீஷியனுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. வழக்கு விசாரணைக்குப் போனால் 18,000-க்கு என்ன ஆதாரம் என்று கம்பெனி வக்கீல் குடைவார், தீர்ப்பாயம் தானாக ஒரு தொகையை, குறைவாகக்கூட, வைக்கலாம். அதனால் வருமானத்தையும் பெருக்கும் எண்ணையும் ஒப்புக்கொள்கிறோம், சார்ந்தோர் நால்வர் என்று திருத்துங்கள் என்று மட்டும் உங்கள் வக்கீல் எழுதிக் கேட்கட்டும். கூடவே மாமியாரை மனுதாரராகச் சேர்க்கத் தனி மனு போடட்டும். கம்பெனி மறுத்தால் ஏற்கவில்லை என்று தீர்ப்பாயத்தில் சொல்லுங்கள், விசாரணைக்குத் தேதி கொடுப்பார்கள். "முழுமையான இறுதித் தீர்வாக" என்ற வரியின் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டால் அதன்பிறகு கேட்க வழி இருக்காது.

இளைய மகன்தான் அம்மாவைப் பார்க்கிறார் என்று கம்பெனி சொல்லும். அதற்குப் பதில் அந்த 4,000 போன கணக்கு. இந்த வாரமே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொழுந்தனார் வீட்டுக்குப் போங்கள். முதலில் மனுவில் விட்டதற்கு மாமியாரிடம் மன்னிப்புக் கேளுங்கள், பிறகு அவருடைய பாஸ்புக் நகலும் ஆதார் நகலும் வக்காலத்தில் கையெழுத்தும் வாங்கி வாருங்கள்.