வினைச்சொல் வெட்டுப்படுவதற்கு முன்

கேள்வி: இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே நிறைய எழுதுகிறேன். யாரும் 'more' அழுத்தி வாசிப்பதாகத் தெரியவில்லை. ஆட்களை நிறுத்துகிற முதல் வரியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

என் பெரியம்மாவின் மகன் நிலாவெளியில் படகு ஓட்டுகிறார். புறாத்தீவுக்கு ஆட்களைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவதுதான் தொழில். அவருடைய பக்கத்துக்கு எழுதிக்கொடுப்பது நான். சம்பளம் கிடையாது, சீசனில் அவ்வப்போது மீன் வரும்.

தொடக்கத்தில் நான் எழுதியது இப்படித்தான் இருக்கும்: "அனைவருக்கும் இனிய காலை வணக்கம். திருகோணமலையின் அழகிய நிலாவெளிக் கடற்கரைக்கு அப்பால் அமைந்துள்ள புறாத்தீவைச் சுற்றியிருக்கும் பவளப்பாறைகளுக்கு இடையே இன்று காலை நமது பயணிகள் ஐந்து சுறாக்களைக் கண்டு களித்தனர்." ஒருநாள் மச்சாளின் போனை வாங்கிப் பார்த்தேன். பக்கத்தின் பெயர், அதை ஒட்டி "அனைவருக்கும் இனிய காலை வணக்கம். திருகோணமலையின் அழகிய", பிறகு மூன்று புள்ளியும் 'more' உம். ஐந்து சுறாவும் உள்ளே மாட்டிக்கொண்டன.

இங்கேதான் தமிழில் எழுதுகிறவர்களுக்குத் தனிச் சிக்கல். நம் வாக்கியத்தில் செய்தி கடைசியில் வரும். யார், எங்கே, எப்போது, எப்படிப்பட்ட என்று எல்லாம் முன்னால் வரிசை கட்டி நிற்க, என்ன நடந்தது என்பதைச் சொல்லும் வினைச்சொல் வாலில் உட்கார்ந்திருக்கும். நேரில் கதைக்கும்போது கேட்பவர் காத்திருப்பார். விரலால் தள்ளிக்கொண்டு போகிறவர் காத்திருக்க மாட்டார். அதனால் முதல் வாக்கியம் வெட்டு விழும் இடத்துக்கு முன்பே வினைச்சொல்லோடு முடிந்துவிட வேண்டும். மூன்று நான்கு சொல், முற்றுப்புள்ளி. "அமைந்துள்ள", "சுற்றியிருக்கும்" மாதிரியான சொற்கள் முதல் வரியில் வந்தால் உடனே சந்தேகப்படுங்கள். அவை இன்னொரு சொல்லைத் தூக்கிக்கொண்டு வரத்தான் இருக்கின்றன, அந்தச் சொல் வெட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடும்.

125 எழுத்துக்குள் முக்கியமானதைச் சொல்லு என்று எல்லோரும் சொல்வார்கள். அது ஆங்கிலம் எழுதுகிறவர்களுக்கு வைத்த கணக்கு. நம் கண்ணுக்குத் "திருகோணமலை" ஆறு எழுத்து. கணினிக்கோ பத்து, ஏனென்றால் அது கொம்பையும் சுழியையும் தனித்தனியாக எண்ணும். போதாததற்கு நம் எழுத்துகள் அகலமானவை. ஆகவே எண்ணுவதை விடுங்கள், இடத்தைப் பாருங்கள். பெயரும் அதே வரியில்தான் வருகிறது, பக்கத்தின் பெயர் நீளமென்றால் முதல் வரியில் பாதி அதற்கே போய்விடும். ரீல்ஸில் இன்னும் மோசம், அங்கே கிடைப்பது ஏறத்தாழ ஒரு வரி. இடப்பெயரை அதற்கென்று உள்ள இடத்தில் போட்டால் படத்துக்கு மேலேயே தெரியும், மறுபடி எழுதி வரியை வீணாக்கத் தேவையில்லை. பூவும் இதயமும் ஹேஷ்டேக்கும் எல்லாவற்றுக்கும் கீழே போகட்டும்.

சரி, அந்த நான்கு சொல்லை எங்கே பிடிப்பது? நான் முதலில் முழுவதையும் மனம் போனபடி எழுதிவிடுவேன். பிறகு, வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் இதில் எதை முதலில் சொல்வேன் என்று தேடுவேன். அது அநேகமாக மூன்றாவது, நான்காவது வாக்கியத்தில் கிடக்கும். முன்னாலிருப்பதெல்லாம் தொண்டையைச் செருமுவதுதான். கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பற்றி ஒருமுறை எழுதியபோது இராவணன் கதையில் தொடங்கி ஒரு பந்தி போயிருந்தேன். நடுவில் கிடந்தது: "ஏழு கிணறு, ஏழிலும் சூடு வேறு." அதைத் தூக்கி மேலே வைத்தேன். இராவணன் இரண்டாம் பந்திக்குப் போனார்.

இன்னொன்று, படம் சொல்வதையே முதல் வரியும் சொல்லக்கூடாது. போன சீசனில் அண்ணை படகிலிருந்து ஒரு படம் எடுத்தார். கண்ணாடி மாதிரித் தண்ணி, அடியில் பவளம், வேறொன்றும் இல்லை. நான் முதலில் எழுதியது "கண்ணாடி போன்ற கடல்." அதுதான் படத்திலேயே தெரிகிறதே! பெரிதாக்கிப் பார்த்தபோது இடது மூலையில் ஒரு கருங்கீற்று. செட்டையின் நுனி கறுத்த, பவளப்பாறைப் பக்கம் திரிகிற சுறாக்களில் ஒன்று. அழித்துவிட்டு எழுதினேன்: "இந்தப் படத்தில் ஒரு சுறா இருக்கு." அவ்வளவுதான். வாசித்தவர் மேலே போய்ப் படத்தைத் துழாவுவார், கிடைக்காவிட்டால் 'more' அழுத்துவார். அடுத்த வரியிலேயே எந்த மூலை என்று சொல்லிவிட்டேன், பிறகு அது ஆளை ஒன்றும் செய்யாது, ஆனால் தொடப் போகாதீர்கள், பவளத்தின் மேல் நிற்காதீர்கள் என்று மற்றதெல்லாம். அன்று சுறா இல்லாதிருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டேன். "நம்ப மாட்டீங்க", "அதிர்ச்சி" என்று கூப்பிட்டு உள்ளே ஒன்றும் வைக்காதவர்களை ஆட்கள் ஒருமுறைதான் மன்னிப்பார்கள்.

கேள்வியோடு தொடங்குவதும் எனக்குச் சரிவரவில்லை. "புறாத்தீவு போயிருக்கிறீர்களா?" என்றால் இல்லை என்று மனதுக்குள் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

வாசித்தார்களா என்று கண்டுபிடிக்க நான் பார்ப்பது கொமென்ட்களைத்தான், லைக் எண்ணிக்கையை அல்ல. படகுக் காசு வேறு, வனஜீவராசிகள் திணைக்களத்தின் டிக்கெட் வேறு என்று நான்காவது வரியில் விளக்கமாக எழுதியிருப்பேன். கீழே பத்துப் பேர் "டிக்கெட்டும் சேர்த்தா?" என்று கேட்டால் ஒருவரும் உள்ளே வரவில்லை என்று அர்த்தம். சுறாப் படத்துக்கு வந்த கேள்விகள் வேறு மாதிரி இருந்தன. பவளத்தில் நிற்கக்கூடாதென்றால் களைத்துப்போனால் எங்கே நிற்பது என்று ஒருவர் கேட்டிருந்தார். அவர் கடைசி வரை வந்தவர். ஒரேயொரு பதிவை வைத்து முடிவுக்கு வராதீர்கள், படமே நல்லதாக இருந்திருக்கலாம். ஒரே மாதிரியான நாலைந்து படங்களுக்கு முதல் வரியை மட்டும் மாற்றிப் பார்த்தால் ஓரளவு விளங்கும்.

போடுவதற்கு முன் எழுதும் பெட்டியில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், அங்கே எல்லாம் முழுசாகத்தான் தெரியும். போட்டதும் வீட்டில் இன்னொருவர் போனில் திறந்து பாருங்கள், எழுத்தைப் பெரிதாக வைத்திருக்கும் அப்பா அம்மாவின் போன் என்றால் இன்னும் நல்லது. வெட்டு தப்பான இடத்தில் விழுந்திருந்தால் பதிவை அழிக்க வேண்டாம், Edit போய் முதல் வாக்கியத்தை மட்டும் குறுக்கலாம்.

அண்ணைக்கு ஒரே ஒரு மனக்குறை. வணக்கம் சொல்லாமல் தொடங்குவது மரியாதையில்லையாம். கொஞ்ச நாள் இழுபறிப்பட்டு, கடைசியில் வணக்கத்தைக் கடைசி வரிக்கு மாற்றினேன். போன கிழமைப் பதிவுக்குக் கீழே மூன்று பேர் திரும்ப வணக்கம் சொல்லியிருந்தார்கள்.