வெளிநாட்டு எம்.எஸ்சி.க்கு இணைத்தன்மை: டி.என்.பி.எஸ்.சி.க்கு எது செல்லும்?

"லண்டனில் மூலக்கூறு உயிரியல் எம்.எஸ்சி. முடித்தேன். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கமான ஏ.ஐ.யு. தந்த இணைச்சான்று கையில் இருக்கு. நுண்ணுயிரியல் எம்.எஸ்சி. கேட்கும் டி.என்.பி.எஸ்.சி. பணிக்கு இது போதுமா?"

போதாதுங்க. அந்தச் சான்று உங்க பட்டம் இந்திய முதுகலைப் பட்டத்தின் தரத்துக்கு நிகர்னு மட்டும்தான் சொல்லும். மூலக்கூறு உயிரியலும் நுண்ணுயிரியலும் ஒன்றா என்பது வேறு கேள்வி. அதற்குத் தமிழக அரசின் அரசாணையைத்தான் தேர்வாணையம் கேட்கும். அதுவும் பணி அறிவிக்கை வெளியான தேதிக்கு முன்பே பிறப்பிக்கப்பட்டதா இருக்கணும். பலர் கோட்டை விடுவது இந்தத் தேதியில்தான். தேர்ச்சி பெற்று, சான்றிதழ் சரிபார்ப்பில் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவது கொடுமை.

முதல்ல, தேர்வாணைய இணையதளத்தில் உள்ள இணைக்கல்வி அரசாணைகளில் உங்க பல்கலைக்கழகமும் பாடமும் அப்படியே இருக்கான்னு பாருங்க. பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் அதே பாடத்துக்கு இருந்தால் உங்களுக்கு உதவாது.

இல்லைன்னா, தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் இணைத்தன்மைக் குழுவுக்கு விண்ணப்பிக்கணும். குழு இரண்டு பாடத்திட்டங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும். அதனால மதிப்பெண் பட்டியல் மட்டும் அனுப்பாதீங்க. அதில் 'ஆய்வுத் திட்டம்', 'மேம்பட்ட தலைப்புகள்'னு தாள் பெயர்தான் இருக்கும், உள்ளே பாக்டீரியா படிச்சீங்களான்னு தெரியாது. ஒவ்வொரு தாளின் அலகு வாரியான பாடத்திட்டத்தையும், நீங்க படித்த ஆண்டுக்கு உரியதாக, பல்கலைக்கழக முத்திரையோடு கேட்டு வாங்குங்க. குழு பரிந்துரைத்த பிறகுதான் உயர்கல்வித் துறை அரசாணை போடும். அடுத்த அறிவிக்கைக்குக் காத்திராமல் இப்பவே அனுப்பிடுங்க.