இட்லிக்காரர் மகளும் ஒரு விகுதியும்

அன்புள்ள சார்,

தாராவியில் நடக்கிற ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் செல்வி. சைக்கிளில் இட்லி விற்கும் அப்பா மாரடைப்பில் இறந்து ஆறு வாரம் ஆகிறது. முதலில் ‘நான்’ என்று எழுதினேன். ரொம்ப அழுகிறது என்றார்கள். ‘அவள்’ என்று மாற்றினேன். செய்தி மாதிரி இருக்கிறது என்கிறார்கள். தன்மையா, நெருக்கமான படர்க்கையா, எது சரி? நிகழ்காலத்தில் எழுதலாமா? இந்திச் சொற்கள் வரலாமா? எந்தப் பத்திரிகைக்கு அனுப்பலாம்? இரண்டு வடிவங்களையும் இணைத்திருக்கிறேன்.

வி., செம்பூர்

அன்புள்ள வி.,

பத்திரிகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்தி வரட்டும். தாராவிப் பெண் ‘மிதிவண்டி நிறுத்துமிடம்’ என்று யோசித்தால்தான் எனக்குக் கவலை. நிகழ்காலம் வேண்டாம், காரணம் கடைசியில் தானாகத் தெரியும்.

இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். முதல் பத்தி இது: “அதிகாலையில் ஹாரன் சத்தம் கேட்டு நான் விழித்தேன். என் நெஞ்சை ஏதோ அழுத்துவதுபோல் உணர்ந்தேன். அப்பா இனி வரமாட்டார் என்ற உண்மை என்னை வாட்டியது. தலையணையில் முகம் புதைத்து அழுதேன்.” இரண்டாவதில் விழித்தாள், உணர்ந்தாள், அவளை வாட்டியது, அழுதாள். அப்பா மட்டும் ‘தந்தை’ ஆகிவிட்டார். இதைத் திருத்தி எழுதினேன் என்று சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இல்லையா? ‘ன்’னை ‘ள்’ ஆக்கியிருக்கிறீர்கள். அந்த வேலையைக் கம்ப்யூட்டர் ஒரு நொடியில் செய்துவிடும். அப்பாவைத் ‘தந்தை’ ஆக்கியதுதான் உங்கள் சொந்தக் கைவேலை, அதுதான் இருப்பதிலேயே மோசமானது. எந்த மகள் மனசுக்குள் தந்தை என்று சொல்லிக்கொள்கிறாள்?

ஆனால் கதையில் இட்லி சைக்கிளின் ஹாரன் இருக்கிறது. அதற்காகத்தான் பதில் எழுதுகிறேன்.

தன்மையில் எழுதுகிறவர் இரண்டு விஷயங்களை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். செல்வி இதை எப்போது சொல்கிறாள்? யாரிடம் சொல்கிறாள்? முப்பத்தைந்து வயதில் சொன்னால் அது வளர்ந்த ஒருத்தியின் கதை. அவளுக்குச் சொற்கள் இருக்கும், பதினைந்து வயது அந்தச் சொற்களுக்குப் பின்னால் போய்விடும். ஆறாவது வாரத்திலேயே சொல்கிறாள் என்றால் ‘உண்மை என்னை வாட்டியது’ என்று அவள் வாயில் வராது. அப்பா செத்து ஆறு வாரமான பிள்ளைக்குத் துக்கம் என்று ஒரு பொருள் தனியாகக் கையில் இருப்பதில்லை. எரிச்சல் இருக்கும், பசி இருக்கும், பரீட்சை இருக்கும், அம்மாமேல் காரணமில்லாத கோபம் இருக்கும். ஊரில் பாட்டியிடம் இருந்ததால் எதையும் பார்க்காத தம்பிக்கு அவள் சொல்வதாக வைத்தால் தன்மை சரியாக வரும். அப்போது கதை முழுக்க வீட்டுப் பேச்சிலேயே போக வேண்டும், தம்பிக்குத் தெரிந்ததை அவள் வர்ணிக்கக் கூடாது. உங்கள் கதையில் தம்பியும் இல்லை, கேட்கிறவரும் இல்லை. ஆகவே படர்க்கை.

சரி, எவ்வளவு நெருக்கம்? ‘என்று நினைத்தாள்’ என்பதை எடுத்துவிட்டு, நினைப்பை அப்படியே கதைசொல்லியின் வாக்கியமாக்குவது பழைய உத்தி. சுவிஸ் மொழியியலாளர் சார்ல் பாலி 1912-லேயே பிரெஞ்சை வைத்து அதற்கொரு பெயர் சூட்டிவிட்டார். எழுத்துப் பயிற்சி வகுப்புகளில் உங்களுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். தப்பில்லை, ஆனால் தமிழில் எழுதுகிறவருக்கு அது பாதிதான். மீதிப் பாதியை நம் வினைமுற்று வைத்திருக்கிறது. அதை யாரும் கவனிப்பதில்லை என்பது என் நெடுநாள் புகார், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓடினேன், ஓடினாள். செயல் என்றால் ஆள் யார் என்று விகுதி சொல்லிவிடுகிறது. ஆனால் பசித்தது, வலித்தது, தெரியவில்லை, பிடிக்கவில்லை, கேட்டது, அழுகை வந்தது, கோபம் வந்தது, தூக்கம் வரவில்லை? இவற்றில் ஆளே இல்லை. அழுகை, கோபம் என்ற அஃறிணைதான் எழுவாய், மனுஷர் ‘எனக்கு’, ‘அவளுக்கு’ என்று ஓரமாக நிற்கிறார். அந்தச் சொல்லையும் எடுத்துவிட்டால் வாக்கியம் தன்மையும் இல்லை, படர்க்கையும் இல்லை. ‘பசித்தது.’ யாருக்கு? படிக்கிறவருக்கும்கூட லேசாகப் பசிக்கும். உடம்புக்கும் மனசுக்கும் நேர்வது அநேகமாக எல்லாமே தமிழில் இப்படி ஆளில்லாமல் சொல்லக்கூடியதுதான். துக்கமும் அந்த வகைதான், நாம் செய்வதில்லை, வருகிறது. உங்களுக்கு இந்த வசதி பிறப்பிலேயே கிடைத்திருக்கிறது. நீங்களோ அதை வீசிவிட்டு ‘அழுத்துவதுபோல் உணர்ந்தேன்’ என்று ஆங்கிலத்திலிருந்து ஒரு வாக்கிய அமைப்பைக் கடன் வாங்குகிறீர்கள். உங்கள் பன்னிரண்டு பக்கத்தில் ‘உணர்ந்’ என்று தொடங்கும் சொல் பதினேழு இடத்தில் இருக்கிறது. எண்ணினேன்.

அந்தப் பத்தியை இப்படி வைத்துப் பாருங்கள்:

“பாம் பாம். ஐந்தரை. இது நம்ம ஹாரன் இல்லை. நம்மது கரகரக்கும், ரப்பரில் கீறல். அதுவும் இந்தச் சந்துக்குள் எதற்கு அடிக்கிறான்? இங்கே எல்லா வீட்டிலும் மாவு, யார் வாங்கப் போகிறார்கள்? நைன்டி ஃபீட் ரோட்டுக்குப் போய் அடிக்க வேண்டியதுதானே. செல்வி பாயைச் சுருட்டினாள். அப்பா சட்னித் தூக்கைக் கடைசியில்தான் மாட்டுவார். முதலிலேயே மாட்டினால் ஹேண்டில் ஒரு பக்கம் சாயும். இன்றைக்கு சயின்ஸ் டெஸ்ட். பசித்தது. பசித்தது பிடிக்கவில்லை.”

இதில் செல்வி என்ற ஆளைக் காட்டுகிற வினை ஒன்றுதான், சுருட்டினாள். மற்றதெல்லாம் ஹாரன், பசி, ஹேண்டில், யாரோ ஒருவன், அப்பா. அந்த ஒரு ‘சுருட்டினாள்’ இல்லாவிட்டால் இதைத் தன்மை என்றே படித்துவிடலாம். அது இருப்பதால், அவள் வாய்விட்டுச் சொல்லாத, சொல்லவும் தெரியாத விஷயத்துக்குப் பக்கத்தில் நம்மால் நிற்க முடிகிறது. யாரோ ஒரு வியாபாரிமேல் அவளுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று அவளுக்குத் தெரியாது. நமக்குத் தெரிகிறது. படர்க்கையில் எழுதுவதன் லாபம் இந்த இடைவெளி. ‘உண்மை வாட்டியது’ என்று எழுதினால் அது மூடிப்போகும். ‘நம்ம ஹாரன்’ என்பதையும் பாருங்கள். எங்க ஹாரன் என்றால் நம்மை வெளியே நிறுத்திவிடுவாள்.

இந்த முறையில் எழுதும்போது இரண்டு கோளாறுகள் வரும். முதல் கோளாறு, ஆளில்லாத வாக்கியங்கள் வரிசையாக ஐந்தாறு வந்தால் யாருடைய தலைக்குள் இருக்கிறோம் என்று தொலைந்துபோகும். அம்மாவும் அறையில் இருந்தால் கேட்கவே வேண்டாம், ‘பசித்தது’ யாருக்கு என்று படிக்கிறவர் திரும்பிப் போய்ப் பார்ப்பார். ஆகவே சில வாக்கியங்களுக்கு ஒருமுறை ‘சுருட்டினாள்’ மாதிரி கையால் செய்யும் ஒரு வினையை ஆணியாக அடித்துவிடுங்கள். அது உணர்ச்சி வினையாக இருக்கக் கூடாது. அம்மாவை எப்போதும் அம்மா என்றே எழுதுங்கள், ஓரிடத்திலும் ‘அவள்’ வேண்டாம், அந்தச் சொல் செல்விக்கு மட்டும்.

இரண்டாவது, அம்மாவின் தலைக்குள் நழுவுவது. உங்கள் நான்காம் பக்கத்தில் ‘அம்மா மனதுக்குள் குமுறினாள்’ என்று இருக்கிறது. செல்விக்கு அது எப்படித் தெரியும்? கிரைண்டரில் அரிசி போடாமல் வெறும் தண்ணீரை விட்டு அம்மா ஓடவிட்டாள் என்றால் செல்விக்குத் தெரியும். கல் உரசுகிற சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்.

இப்போது அப்பாவுக்கு வருகிறேன். நீங்கள் இதைக் கேட்கவில்லை, பரவாயில்லை. ‘அப்பா சட்னித் தூக்கைக் கடைசியில்தான் மாட்டுவார்.’ இந்த ‘மாட்டுவார்’ எந்தக் காலம்? பள்ளிக்கூட இலக்கணப்படி எதிர்காலம். ஆனால் பழைய வழக்கத்தைச் சொல்வதற்கும் தமிழில் அதே வடிவம்தான். அப்பா ஏழு மணிக்கு வருவார் என்றால், இருந்தபோது அப்படி வந்துகொண்டிருந்தார் என்றும் ஆகும், இன்றைக்கும் வருவார் என்றும் ஆகும். ஆறாவது வாரத்தில் ஒரு பிள்ளையின் மனசு நிற்கிற இடம் சரியாக இதுதான். தெரியாமல் இல்லை, அதற்காக வினைமுற்றை மாற்றிக்கொள்ளவும் இல்லை. இதைத் தனியாக ஒரு பத்தி எழுதி விளக்க வேண்டாம், ‘-வார்’ அதைச் செய்துவிடும்.

நீங்கள்தான் அதைச் செய்யவிடுவதில்லை. அப்பா வரும் வாக்கியத்துக்கெல்லாம் முன்னால் ‘முன்பெல்லாம்’, ‘வழக்கமாக’, ‘அப்பா உயிரோடிருந்தபோது’ என்று ஒரு பூட்டுப் போட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல் வந்த உடனே ‘வருவார்’ கடந்தகாலமாகப் பூட்டிக்கொள்கிறது, மறுபக்க அர்த்தம் செத்துவிடுகிறது. கதை முழுவதையும் நிகழ்காலத்தில் எழுதினாலும் ஏறக்குறைய இதே கதிதான். செல்வி எழுகிறாள், பாயைச் சுருட்டுகிறாள் என்று போகும்போது நடுவில் வரும் ‘வருவார்’ இனிமேல் நடக்கப்போவதாக மட்டும் கேட்கும், படிக்கிறவர் செல்விக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைப்பார். சுருட்டினாள், எடுத்தாள் என்ற இறந்தகாலத்துக்குப் பக்கத்தில் வைத்தால்தான் இரண்டு பக்கமும் ஆடும்.

ஒரு மாலை ஒதுக்கி, பென்சிலோடு உட்காருங்கள். அப்பாவுக்கு வரும் வினைகளை மட்டும் வட்டமிடுங்கள். முன்னால் இருக்கிற பூட்டுகளை அடியுங்கள். வந்தார், சொன்னார், சிரித்தார் என்று இருப்பதையெல்லாம் வருவார், சொல்வார், சிரிப்பார் என்று மாற்றுங்கள். ‘தந்தை’, ‘அவளுடைய அப்பா’ இரண்டையும் வெறும் ‘அப்பா’ ஆக்குங்கள். அப்புறம் ‘உணர்ந்’ பதினேழையும் பாருங்கள். பெரும்பாலும் அந்த வாக்கியமே தேவைப்படாது, தேவைப்படுகிற இடத்தில் ‘வலித்தது’, ‘பிடிக்கவில்லை’ போதும்.

ஒன்பதாம் பக்கத்தில், அன்றைக்குக் காலையில், “அப்பா கிளம்பினார்” என்று ஒரு வரி இருக்கிறது. அதை மட்டும் தொடாதீர்கள்.