சனிக்கிழமை ஓவர்டைமும் வீட்டுக்கு வராத பணமும்

கேள்வி: அண்ணா, நாங்கள் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். மூத்தவனுக்கு 9 வயது, செரிபிரல் பால்சி. நடக்க முடியாது, டயப்பர்தான், சாப்பாடு ஊட்டித்தான் விட வேண்டும். அவனுக்காக நான் வேலையை விட்டுவிட்டேன். வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை. மாதம் இரண்டு சனிக்கிழமை ஓவர்டைமோடு சேர்த்து 32,000 ராண்டு வருகிறது. மெடிக்கல் எய்டுக்கு 6,800, தெரபிக்கும் டயப்பருக்கும் கையிலிருந்து 2,000 போகிறது. நாங்கள் இருவரும் தனியாக உட்கார்ந்து பேசி நான்கு வருஷம் ஆகிறது. ஆள் வைத்துவிட்டு ஒரு மாலை வெளியே போகலாம் என்றால், பிள்ளை பணத்தில் ஊர் சுற்றுவதா என்று கேட்கிறார். அவர் சொல்வது சரியா?

பதில்: தங்கச்சி, அவர் கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொல்கிறார். ஆனால் கணக்கு அவர் பக்கம் இல்லை. உங்கள் பிள்ளையின் பெயரில் வர வேண்டிய பணம் இரண்டு இடத்தில் வராமல் கிடக்கிறது என்று நினைக்கிறேன், அந்தக் குறையை அடைக்கத்தான் அவர் சனிக்கிழமைகளை விற்றுக்கொண்டிருக்கிறார்.

முதலில் சாஸா, அரசு உதவித்தொகை கொடுக்கிற அலுவலகம். கேர் டிபென்டன்சி கிராண்ட் ஏழைகளுக்கு மட்டும், மெடிக்கல் எய்ட் இருந்தால் கிடைக்காது என்று நம் ஆட்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. 18 வயதுக்குக் கீழே, முழு நேரப் பராமரிப்பு தேவைப்படுகிற, அரசு விடுதியில் நிரந்தரமாகச் சேர்க்கப்படாத பிள்ளைக்கு இது உண்டு. பெற்றோரின் வருமானத்துக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். 2025 கணக்கில் கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து அது மாதம் ஏறக்குறைய 46,000 ராண்டு. நீங்கள் 32,000-இல் இருக்கிறீர்கள். கிராண்ட் தொகை 2025-இல் மாதம் 2,300 ராண்டுக்குச் சற்று மேல், அதற்கு வரியும் இல்லை. விண்ணப்பிக்கும்போது பிள்ளையை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அங்கே "நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். ராத்திரி எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள், ஒரு வேளை ஊட்ட எவ்வளவு நேரம் ஆகிறது, குளிப்பாட்ட எத்தனை பேர் வேண்டும், இதையெல்லாம் ஒரு வாரத்துக்கு எழுதிக் கொண்டுபோங்கள். மறுத்தால் 90 நாளுக்குள் அப்பீல் செய்யலாம்.

அடுத்தது வரித் துறையான சார்ஸ், இங்கேதான் பெரிய ஓட்டை. வரி ரிட்டர்னில் பிள்ளைக்கு டிஸெபிலிட்டி என்று குறிக்காமல் விட்டால், மருத்துவச் செலவில் வருமானத்தின் 7.5 சதவீதத்தைத் தாண்டுகிற பகுதிக்கு மட்டும், அதிலும் கால் பங்குதான் சலுகை. குறித்துவிட்டால் அந்த 7.5 சதவீதத் தடையே கிடையாது, கையிலிருந்து கொடுத்த தகுதியான செலவில் மூன்றில் ஒரு பங்கு அப்படியே வரியில் கழியும். மெடிக்கல் எய்ட் சந்தாவிலும் ஒரு பகுதி இதில் சேரும். அதற்கு ITR-DD என்ற படிவத்தைப் பதிவு பெற்ற, இந்தக் குறைபாட்டைக் கண்டறியத் தகுதியுள்ள மருத்துவர் நிரப்பித் தர வேண்டும். பிள்ளையைப் பார்க்கிற நரம்பியல் மருத்துவரிடமே கேளுங்கள்.

உங்களுக்கு இன்னொரு பிள்ளையும் இருந்து நான்கு பேர் என்று வைத்து 2025 விகிதத்தில் போட்டுப் பார்த்தேன். சந்தா வருஷம் 81,600. எல்லோருக்கும் கிடைக்கும் சாதாரண மெடிக்கல் கிரெடிட் உங்களுக்கு 14,640, அதன் மூன்று மடங்கு 43,920. அதற்கு மேல் உள்ள சந்தாதான் கணக்கில் சேரும், அது 37,680, இதில் மூன்றில் ஒரு பங்கு 12,500 ராண்டு. தெரபியும் டயப்பரும் வருஷம் 24,000, அதில் 8,000. ஆக 20,500. குறிக்காமல் விட்டால் இதே செலவுக்குக் கிடைப்பது 4,500 ராண்டுதான்.

இப்போது ஆள் வைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். ஊனமுள்ள பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்குக் கொடுக்கிற சம்பளமும் சார்ஸ் பட்டியலில் தகுதியான செலவு. வாரத்தில் இரண்டு நாள், நான்கு நான்கு மணி நேரம், மணிக்கு 45 ராண்டு என்றால் வருஷத்துக்கு 18,720. அதில் 6,200 வரியில் திரும்பி வரும். அந்த மாலைக்கு நீங்கள் உண்மையில் கொடுக்கிற விலை மணிக்கு 30 ராண்டுதான்.

இதை ஓவர்டைமோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு சனிக்கிழமைக்கு 1,200 ராண்டு என்றால் வரி போகக் கையில் 860 நிற்கும், 24 சனிக்கிழமைக்கு 20,600. கிராண்ட் வருஷம் 27,600, ஆள் சம்பளத்துக்கான 6,200-ஐயும் சேர்த்து வரியில் கூடுதலாக 22,000, இரண்டும் சேர்ந்து 50,000 ராண்டுக்குச் சற்றுக் குறைவு. ஆள் சம்பளத்தைக் கொடுத்து, ஓவர்டைமை முழுசாக விட்டாலும் 10,000 மிஞ்சும். பிள்ளையின் தெரபியில் ஒரு சென்ட் குறையவில்லை. ஒன்று, வரிப் பணம் மாதாமாதம் வராது, ரிட்டர்ன் போட்ட பிறகு மொத்தமாகத்தான் வரும். அதனால் ஆள் சம்பளத்தை மாதம் வருகிற கிராண்டிலிருந்து கொடுங்கள், கிராண்ட் வரத் தொடங்கும் வரை அவர் ஒரு சனிக்கிழமையை மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.

இதில் எங்கே கவிழ்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும். என்னிடம் வந்த ஒரு தம்பதி, பக்கத்து வீட்டு அம்மாவுக்கு இரண்டு வருஷம் கையில் காசாகக் கொடுத்தார்கள். சார்ஸ் ஆதாரம் கேட்டபோது காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை, க்ளைம் போயே போய்விட்டது. நீங்கள் பேங்க் வழியாகவே கொடுங்கள், மாதம் ஒரு ரசீது, அதில் அவர் பெயர், ஐடி எண், எத்தனை மணி நேரம், கையெழுத்து. மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்வதால் வேலையிழப்புக் காப்பீடான யுஐஎஃப்-இலும் பதிய வேண்டும், அது உங்கள் பங்கு ஒரு சதவீதம், அவர் பங்கு ஒரு சதவீதம், ஆளுக்கு மாதம் 16 ராண்டு மாதிரிதான் வரும்.

ஆள் வந்ததும் நீங்கள் கிளம்பிவிட வேண்டாம். முதல் மூன்று தடவை நீங்கள் வீட்டிலேயே இருந்து, அவனை எப்படிச் சாய்த்து ஊட்ட வேண்டும், வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை அவரே செய்யட்டும், நீங்கள் பாருங்கள். அம்மா பக்கத்து அறையில் இருந்தும் அவன் அவர் கையால் சாப்பிட்டால் அப்புறம் போகலாம்.

அந்த எட்டு மணி நேரத்தையும் ஊர் சுற்றவே செலவழிக்கச் சொல்லமாட்டேன். வார நாளில் வருகிற நான்கு மணி நேரம் உங்களுக்கு, கதவைச் சாத்திவிட்டுத் தூங்குங்கள். நான்கு வருஷத் தூக்கக் கடனோடு கணவரிடம் எதைப் பேசினாலும் அது சண்டையில்தான் போய் முடியும். சனிக்கிழமை நான்கு மணி நேரம் இருவருக்கும். பீச் ஃபிரண்டில் நடந்துவிட்டு ஒரு டீ குடித்தால் பெரிய செலவில்லை. அந்த நேரத்தில் தெரபி பில், டாக்டர் தேதி எதையும் எடுக்காதீர்கள், அதற்கு ஞாயிறு ராத்திரி அரை மணி நேரம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் வருகிற தம்பதிகளில் பலர் பேசாமல் இல்லை, பிள்ளையைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள், ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கிற இரண்டு பேர் மாதிரி.

உயில் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். உயில் இல்லாமல் உங்கள் கணவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளையின் பங்குப் பணம் அரசு பார்த்துக்கொள்கிற கார்டியன்ஸ் ஃபண்டுக்குப் போகும், நீங்கள் ஒவ்வொரு செலவுக்கும் அங்கே விண்ணப்பித்து நிற்க வேண்டும். ஊனமுள்ளவர்களுக்கென்று இருக்கிற ஸ்பெஷல் ட்ரஸ்ட்டைப் பற்றி உயில் எழுதும் வக்கீலிடம் கேளுங்கள்.

இந்த வாரமே மருத்துவரிடம் ITR-DD படிவத்தைக் கொடுங்கள். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, அவர் அடுத்த சனிக்கிழமைக்குப் பெயர் கொடுப்பதற்கு முன்னால் அவர் கையில் வையுங்கள்.