பெனால்டி: கீப்பர் பக்கத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார்

“வலது காலால் அடிக்கிறேன். எங்கள் லீக்கில் கடைசி மூன்று பெனால்டியிலும் கீப்பர் சரியான பக்கம் பாய்ந்துவிட்டார். எதை மாற்றுவது?”

முதலில் உங்கள் இடது காலைப் பாருங்கள் சார். பந்துக்குப் பக்கத்தில் ஊன்றும் அந்தப் பாதம் எந்தப் பக்கம் திரும்புகிறதோ, பெரும்பாலும் பந்தும் அங்கேதான் போகும். நல்ல கீப்பர் கடைசி நொடியில் அதையும் இடுப்பையும்தான் கவனிப்பார். கோலுக்குப் பின்னாலிருந்து மொபைலில் பத்து ஷாட் எடுத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

திருத்தம் இதுதான்: ஓடிவரும் கோணமும் காலடி எண்ணிக்கையும் இரண்டு மூலைக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். ஊன்றும் பாதம் கோலின் நடுவைப் பார்க்கட்டும். திசையைக் கணுக்கால் முடிவு செய்யட்டும். இதில் வேகம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

அடுத்தது, பழக்கம். 2024 யூரோ காலிறுதியில் இங்கிலாந்து கீப்பர் பிக்ஃபோர்டின் தண்ணீர் பாட்டிலிலேயே சுவிஸ் வீரர்கள் ஒவ்வொருவருக்கும் பாயவேண்டிய பக்கம் எழுதியிருந்தது. அகான்ஜிக்கு நேரே ‘இடது’. அப்படியே பாய்ந்து தடுத்தார். உங்கள் லீக் கீப்பரும் மனதில் ஒரு குறிப்பு வைத்திருப்பார். எனவே எப்போதும் ஒரே மூலைக்கு அடிக்காதீர்கள்; எந்த மூலை என்பதை மேட்சுக்கு முந்தைய நாளே முடிவு செய்துவிடுங்கள். ஓடிவரும்போது மாற்றினால் பாதம் காட்டிக்கொடுத்துவிடும்.