அபர்தீனில் ஆர்.ஓ.வி. பைலட் வேலை: தேவகோட்டைத் தம்பிக்கு ஒரு பதில்

கேள்வி: "அண்ணே, நான் தேவகோட்டை. ஈ.இ.இ. டிப்ளமோ முடிச்சிருக்கேன். ஸ்காட்லாந்து அபர்தீன்ல ஆர்.ஓ.வி. பைலட் டெக்னீஷியன் டிரெய்னியா வேலை வந்திருக்கு. கடலுக்கு அடியில இறங்கணுமோன்னு ஆத்தா பயப்படுறாங்க. கேம் மாதிரி ஜாய்ஸ்டிக் பிடிச்சா போதும்னு கூட்டாளிங்க சொல்றாங்க. உண்மையில மேல இருந்து எப்படி ஓட்டுறீங்க? அங்க வாழ்க்கை எப்படி?"

தம்பி, ஆத்தாவிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்: கடலுக்குள் இறங்குவது ஆர்.ஓ.வி. என்ற ஆளில்லா இயந்திரம் மட்டும்தான், அதைத்தான் வண்டி என்கிறோம். நாம் கப்பல் தளத்தில், ஏ.சி. போட்ட ஒரு கன்டெய்னருக்குள் திரைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். நீங்கள் தண்ணீருக்குள் போவது வேலைக்கு முன் நடக்கும் பயிற்சியில் மட்டும். ஹெலிகாப்டர் கடலில் விழுந்தால் தப்பிப்பதற்காக, ஒரு மாதிரிக் கூண்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்து, நீச்சல் குளத்தில் இறக்கித் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். ஜன்னலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரவேண்டும். ஊரணியில் முங்கிப் பழகியவருக்கு அது பெரிய விஷயமில்லை. பழக்கம் இல்லையென்றால் இப்போதே ஒரு மாதம் பழகுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். ஜாய்ஸ்டிக்கை யாரும் சில வாரங்களில் பழகிவிடலாம். ஆழமும் திசையும் மாறாமல் பிடித்துவைக்க ஆட்டோ டெப்த், ஆட்டோ ஹெடிங் இருக்கின்றன. பல வண்டிகள் அவையாகவே ஒரே இடத்தில் நிற்கும். பைலட்டை பைலட்டாக்குவது கேபிள். தன் பின்னால் கேபிள் எந்த வழியாகக் கிடக்கிறது என்று ஒவ்வொரு நிமிடமும் மனதுக்குள் வரைந்துகொண்டே இருப்பவர்தான் நல்ல பைலட்.

கேபிள் ஒன்றல்ல, இரண்டு. கப்பலிலிருந்து இறங்குவது அம்பிலிக்கல். வெளியே எஃகுக் கம்பிகள் பின்னிய, கனமான, முரட்டுக் கேபிள். அதன் நுனியில் ஒரு கூண்டு தொங்கும். கூண்டுக்குள் கேபிளைச் சுருட்டும் ஒரு சின்ன வின்ச். அதிலிருந்து வண்டிக்குப் போவது டெதர். இது மெல்லியது, வளையக்கூடியது, நீரில் மிதக்காமலும் மூழ்காமலும் கிடப்பது, சில நூறு மீட்டர் நீளம். ஏன் இந்த ஏற்பாடு? அலையில் கப்பல் நாலைந்து மீட்டர் ஏறி இறங்கும். வண்டியை நேராகக் கப்பலோடு கட்டினால் ஒவ்வொரு அலைக்கும் அதை வெடுக்கென்று இழுக்கும். இப்போது அந்த ஆட்டம் கூண்டோடு நின்றுவிடுகிறது. கொஞ்சம் தளர்ந்து கிடக்கும் டெதர் மீதியைத் தாங்கிக்கொள்கிறது.

கப்பலின் மின்சாரத்தை 3,000 வோல்ட்டுக்கும் மேலே ஏற்றி அனுப்புவோம். நீங்கள் படித்ததுதான்: மின்னழுத்தம் ஏறினால் மின்னோட்டம் குறையும், கேபிளில் இழப்பும் குறையும், கேபிளும் மெல்லியதாக இருக்கலாம். படங்களும் கட்டளைகளும் கண்ணாடி இழை வழியாகப் போய்வருகின்றன. அதனால் தாமதம் என்று ஒன்று தெரியவே தெரியாது. ஆனால் வண்டியின் எடை 3 முதல் 5 டன். கைப்பிடியை விட்டவுடன் நிற்காது, ஓடி ஓடித்தான் அடங்கும்.

கன்டெய்னருக்குள் இரண்டு பேர் ஓட்டுவார்கள். பைலட் வண்டியை நகர்த்துவார். பக்கத்தில் இருக்கும் கோ-பைலட் டெதரை விடுவது, சுருட்டுவது, கூண்டின் ஆழத்தைப் பார்ப்பது, இயந்திரக் கைகளை இயக்குவது, கப்பலை ஓட்டும் பிரிட்ஜோடு பேசுவது எல்லாம் செய்வார். திரையின் ஓரத்தில் ஆழம், திசை, தரையிலிருந்து உயரம் ஆகியவற்றோடு ஒரு சின்ன எண் இருக்கும்: வண்டி எத்தனை முழுச் சுற்று சுற்றியிருக்கிறது என்ற கணக்கு. வலப்பக்கம் மூன்று சுற்று சுற்றினால் டெதரில் மூன்று முறுக்கு. திரும்பும் முன் இடப்பக்கம் மூன்று சுற்றி அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். புதியவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், இந்த எண்ணைப் பார்க்கமாட்டார்கள்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன், புரியும். ஷெட்லாந்து தீவுகளுக்கு மேற்கே, சுமார் 450 மீட்டர் ஆழம். பல எண்ணெய்க் கிணறுகளின் குழாய்கள் வந்து சேரும் மேனிஃபோல்ட் ஒன்று தரையில் இருக்கிறது. சுற்றிலும் இரும்புச் சட்டம். சட்டத்தில் வரிசையாக அலுமினிய அனோடுகள். இரும்புக்குப் பதிலாக அவை கரைந்து துருவைத் தடுக்கும். ஒவ்வொரு அனோடிலும் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, இயந்திரக் கையில் பிடித்த கூர்முனையால் உலோகத்தைத் தொட்டு மின்னழுத்தம் எடுக்க வேண்டும். வெள்ளி–வெள்ளிக் குளோரைடு எலக்ட்ரோடை வைத்து அளக்கிறோம். இரும்பு -800 மில்லிவோல்ட்டிலோ அதைவிட எதிர்மமாகவோ இருந்தால் பாதுகாப்பாக இருக்கிறது என்று பொருள். நல்ல அனோடு -1,000 முதல் -1,050 வரை காட்டும். வண்டியை இறக்கும் முன் ஒரு வாளி கடல்நீரில் துத்தநாகக் கட்டியைத் தொட்டுக் கருவி சரியா என்று பார்த்துக்கொள்வோம்.

அன்று நீரோட்டம் மேற்கிலிருந்து கிழக்கே. எனவே கப்பலையும் கூண்டையும் சட்டத்துக்குக் கிழக்கே நிறுத்தினோம். வண்டி மூக்கை நீரோட்டத்துக்கு எதிரே வைத்து வேலை பார்க்கும். டெதர் பின்னால், சட்டத்தை விட்டு விலகிக் கிடக்கும். மின்சாரம் போனாலும் நீரோட்டம் வண்டியைச் சட்டத்தின் மேல் மோதாமல் வெளியே தள்ளிக்கொண்டு போகும். வண்டியை உந்தும் த்ரஸ்டர் கிளப்பும் சேறும் பின்னால் போய்விடும். இதை மாற்றிச் செய்தால் மூன்றும் உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

மேற்கு மூலையில் ஓர் அனோடு மீதம். பைலட் வடக்கு மூலையைச் சுற்றி மேற்குப் பக்கம் போனார். நான் கோ-பைலட்டாக டெதரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் நீரோட்டம் திரும்பத் தொடங்கிவிட்டது. முதலில் தெரிந்தது, முன்னே போகக் கைப்பிடியை அழுத்தியும் வேகம் பூஜ்யத்திலேயே நின்றது. த்ரஸ்டர் எடுக்கும் மின்சாரம் மட்டும் ஏறியது. ஆட்டோ ஹெடிங் போட்டிருந்தும் மூக்கு இடப்பக்கமே இழுத்தது. நான் கணக்கைப் பார்த்தேன். வெளியே விட்ட டெதர் 90 மீட்டர். ஒலிக்கருவி காட்டிய இடங்களின்படி கூண்டுக்கும் வண்டிக்கும் நேர் தூரம் 60 மீட்டர். மீதி 30 மீட்டர் எங்கே? தளர்ந்து கிடந்தால் வண்டி முன்னே போயிருக்கும். போகவில்லை என்றால் டெதர் விறைத்திருக்கிறது. விறைத்தும் 30 மீட்டர் கூடுதல் என்றால் அது எதையோ சுற்றி வளைந்திருக்கிறது. புளியமரத்தில் கட்டிய மாடு சுற்றிச் சுற்றி வந்து மரத்தோடு ஒட்டி நிற்குமே, அதே கதை.

இந்த இடத்தில் புதியவரின் கை வின்ச்சுக்குப் போகும், சுருட்டி இழுக்கத் தோன்றும். அதைச் செய்யவே கூடாது. இரும்பு விளிம்பில் டெதர் அறுபடும். பைலட் முன்னுந்துதலை விட்டார். சுற்றுக்கணக்கு எந்தப் பக்கம் குறையுமோ அந்தப் பக்கமாகத் திரும்பினார். மஞ்சள் டெதர் கேமராவில் தெரிந்தது. அதன் ஓரமாகவே வந்த வழியில் மெதுவாகத் திரும்பினார். அவர் நெருங்க நெருங்க நான் சில மீட்டராகச் சுருட்டிக்கொண்டே வந்தேன், தரையில் சுருள் விழாத அளவுக்கு மட்டும். வடக்கு மூலையில் துருத்திக்கொண்டிருந்த ஒரு தகட்டின் அடியில் அது மாட்டியிருந்தது. வண்டி மூன்று மீட்டர் மேலே ஏறியதும் டெதரும் கூடவே எழுந்து விடுபட்டது. மேலுறையில் உராய்ந்த தடம் இருந்தது, வெட்டு இல்லை. காப்பு மின்தடை எண்ணும் இறங்கவில்லை, அதாவது உள்ளே தண்ணீர் புகவில்லை. அப்புறம் கப்பலை மேற்குப் பக்கம் நகர்த்தி அங்கிருந்து போனோம். அந்த அனோடு முதலில் -830 என்று தள்ளாடியது. எண் நிலையாக நிற்காவிட்டால் முனை உலோகத்தைத் தொடவில்லை என்று அர்த்தம். மேலே படிந்திருந்த கடல் வளர்ச்சியைச் சுரண்டிவிட்டு மறுபடி குத்தினோம், -1,020 என்று நின்றது.

எங்கள் தொழிலின் பெரிய கதைகளும் சிக்கிக்கொண்ட கதைகள், கேபிள் கதைகள்தான். 1966இல் ஸ்பெயினின் பலோமரெஸ் கடலில் விழுந்த ஹைட்ரஜன் குண்டை எடுக்க கர்வ் என்ற அமெரிக்க வண்டி போனது. 850 மீட்டருக்கும் கீழே, குண்டின் பாராசூட்டிலேயே சிக்கிக்கொண்டது. இரண்டையும் சேர்த்தே மேலே இழுத்தார்கள். ஜப்பானின் கைக்கோ 1995இல் மரியானா அகழியின் அடியைத் தொட்ட வண்டி. 2003இல் அதன் இரண்டாம் கேபிள் அறுந்தது, வண்டி திரும்பவேயில்லை.

இதெல்லாம் பாதிதான். மீதிப் பாதி தளத்தில், ஸ்பேனரோடு. முதல் சில மாதங்கள் உங்களை ஜாய்ஸ்டிக் பக்கம் அதிகம் விடமாட்டார்கள், அதில் வருத்தப்பட வேண்டாம். வண்டியை இறக்கும்போதும் ஏற்றும்போதும் அலை அடிக்கும் அந்த மேல்மட்ட நீரில்தான் ஆபத்து அதிகம். டன் கணக்கான இரும்பு ஊசலாடும், தளத்தில் நீங்கள் நிற்பீர்கள். யார் எங்கே நிற்கலாம் என்பதை அங்கே கற்றுக்கொள்ளுங்கள். அலை அளவு மீறினால் இறக்கவே மாட்டோம், இரண்டு மூன்று நாள் சும்மா காத்திருப்பதும் உண்டு.

ஈ.இ.இ. படித்தவருக்கு வரும் தொல்லை எர்த் ஃபால்ட், அதாவது மின்கசிவு. ஒரு கனெக்டரை மூடும்போது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தை நூல் விடாத துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்து, கிரீஸை மிக மெல்லியதாகத் தடவி வைப்போம். பள்ளத்தில் ஒரு முடி கிடந்தாலும் போதும், 450 மீட்டரில் 45 மடங்கு காற்றழுத்தம் அந்த இடுக்கில் தண்ணீரைத் தள்ளும். திரையில் காப்பு எண் மெல்ல மெல்ல இறங்கினால் தண்ணீர் கசிகிறது. சட்டென்று விழுந்தால் பெரும்பாலும் கேபிளோ கனெக்டரோ அடிபட்டிருக்கிறது. காப்பு மின்தடையை அளக்கும் மெகரைப் பிடித்து ஒவ்வொரு பகுதியாகப் பிரித்துத் தேடும் பொறுமை உங்களுக்கு இருந்தால் மேலதிகாரி உங்களைத் தேடுவார். வருமுன் ஹைட்ராலிக் வரைபடம் வாசிக்கப் பழகுங்கள், கண்ணாடி இழை ஒட்டும் வேலையை எங்காவது கையால் செய்து பாருங்கள்.

வாழ்க்கை பற்றி: கப்பலில் பகல், இரவு என்று 12 மணி நேர ஷிப்ட். சில வாரம் கடல், சில வாரம் கரை. டிசம்பர் கடைசியில் அபர்தீனில் பகல் ஏழு மணி நேரம்கூட இருக்காது, இரவு ஷிப்ட்டில் இருந்தால் வெயிலையே பார்க்காமல் நாட்கள் போகும். அது உடம்பைவிட மனதைத்தான் படுத்தும். கப்பலில் இணையம் இருக்கிறது, ஆத்தாவோடு தினமும் பேசலாம். கரையில் இருக்கும் வாரங்களில் ஊருக்கு வந்துபோகிறவர்கள் உண்டு, நானும் அப்படித்தான்.

இப்போது விடுப்பில் காரைக்குடியில்தான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வேலை ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள். மருத்துவச் சோதனைக்கும் கடல் பாதுகாப்புப் பயிற்சிக்கும் யார் பணம் கட்டுவது, பயண நாட்கள் வேலை நாளில் சேருமா விடுப்பில் சேருமா, வானிலைக்காகக் காத்திருக்கும் நாளுக்கு முழுச் சம்பளமா என்று மூன்றையும் சேர்ந்து வாசிப்போம். என்னிடம் ஒரு முழம் டெதர் துண்டும் இருக்கிறது. நடுவில் கண்ணாடி இழை, சுற்றிலும் செம்பு, அதன்மேல் கெவ்லர் பின்னல், மேலே மஞ்சள் உறை. கையில் பிடித்துப் பார்க்கலாம்.